தேடல் பெட்டியில் ஒலிபெயர்ப்புத் தட்டச்சு

குழுவினருக்கு வணக்கம். தமிழ் விசைப்பலகை இல்லாத பயணிகளும் நம் ஏற்காடு வழிகாட்டித் தளத்தில் தமிழில் தேடும்படி, ஆங்கில எழுத்துகளைத் தமிழாக மாற்றும் வசதியைச் சேர்க்கிறோம்.

எழுத்தை மாற்றித் தருவது மட்டும் போதாது. ஏற்காடு என்று சரியாக வருவதற்கு `ERkaadu` என்று அடிக்க வேண்டும். ஆனால் வெளியூரிலிருந்து வருபவர் `yerkadu` என்றே அடிப்பார், பெட்டியில் 'யெர்கடு' என விழும், முடிவு ஒன்றும் வராது. ஆகவே தேடுசொல்லையும் நம் பட்டியலில் உள்ள பெயர்களையும் ஒரே விதியால் சுருக்கி ஒப்பிட வேண்டும்: நெடில் குறிலாகும், றகரம் ரகரமாகும், சொல்லின் முதலில் வரும் 'யெ' எகரமாகும். அப்போது இரண்டும் 'எர்கடு' என்றே ஆகிப் பொருந்திவிடும். இதன் விலை, 'காலை' என்று தேடுபவருக்குக் 'கலை'யும் வந்து நிற்பதுதான். எனவே எழுத்துக்கு எழுத்து பொருந்தும் முடிவுகளை மேலே வைப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

நிரலெழுதும் நண்பர்கள் `keydown` நிகழ்வை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அது பெரும்பாலும் எந்த எழுத்துக்கும் 229 என்றே தரும் என்பதால், `input` நிகழ்வில் பெட்டியில் உள்ள சொல்லை எடுத்து மாற்றுங்கள்.