பிராந்தியும் உன் மூக்கும்

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. மஞ்சளை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறாய் என்று படித்தேன். விலை ஏறும் என்று போன வருசமும் இப்படித்தான் சொன்னாய். போச்சாது, அது உன் பாடு. கடைசியில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில். நாற்பத்தைந்தைத் தாண்டியும் மூக்கிலும் கன்னத்திலும் பரு வருகிறது, ராத்திரி குவார்ட்டர் போட்டால் மூஞ்சி அடுப்பாட்டம் காயுது, மெடிக்கலில் வாங்கிய கிரீம் பூசினால் இரண்டு நாளில் அடங்குகிறது என்று எழுதியிருந்தாய். தோல் டாக்டராக இருந்துகொண்டு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இது ரோசேசியா என்ற முகத்தோல் நோயாக இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. உன் பையனுக்கு வரும் பருவில் பிளாக்ஹெட், வொயிட்ஹெட் கலந்திருக்கும், முதுகிலும் வரும். ரோசேசியாவில் அவை இருக்காது. முகத்தின் நடுப்பகுதியில் மட்டும் சூடும் எரிச்சலும் சிறு கட்டிகளும் வரும். சிலருக்குக் கண்ணில் மண் விழுந்தாற்போல் உறுத்தும். வெள்ளைக்காரத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும். நம்ம நிறத்தில் அது செம்பழுப்பாக மங்கிக் கிடப்பதால் வெயில் கருமை என்றோ அலர்ஜி என்றோ வருசக்கணக்கில் விட்டுவிடுகிறோம். சுத்தமான கண்ணாடி டம்ளரின் அடிப்பக்கத்தைக் கன்னத்தில் அழுத்திப் பார். அழுத்தும்போது நிறம் வெளுத்து, எடுத்ததும் திரும்பி வந்தால், அது ரத்தக்குழாய் விரிந்ததால் வந்த நிறம்.

மூக்கு சிவந்தாலே குடிகாரன் என்று ஊரில் பேசுவார்களே, அது தப்பு. ஒரு சொட்டு தொடாத பெண்களுக்கும் இது வருகிறது. ஆனால் வந்தவர்களுக்கு மது அதைக் கிளறிவிடும். அதோடு, அமெரிக்க நர்சுகள் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை 14 வருசம் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், குடிக்கும் பெண்களுக்குப் புதிதாக ரோசேசியா வருவதும் அதிகமாக இருந்தது. அதில் வெள்ளை ஒயினும் பிராந்தி, விஸ்கி வகையறாவும்தான் முன்னால் நின்றன.

உள்ளே நடப்பது இதுதான். சாராயம் முகத்தின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. ஈரல் அதை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றும். அது அலர்ஜியில் சுரக்கும் ஹிஸ்டமினைக் கிளப்பிவிட்டு இன்னும் விரிக்கும். ரோசேசியா உள்ளவனின் குழாயும் நரம்பும் ஏற்கெனவே சின்னத் தூண்டலுக்கே துள்ளுபவை. விரிந்த குழாயிலிருந்து நீர் கசிந்து தோலில் அழற்சி மூள்கிறது, ஓரிரு நாளில் கட்டி வருகிறது. வருசக்கணக்கில் இப்படியே போனால் சில குழாய்கள் சுருங்கவே மறந்துவிடும். மூக்கு ஓரத்தில் மெல்லிய கோடுகளாகத் தெரிவது அவைதான்.

உன் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் சாராயம். எடையில் ஏறக்குறைய 60 கிராம். ஈரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் கரைக்கும். ஒன்பது மணிக்கு முடித்தாலும் விடியற்காலை வரை வேலை ஓடிக்கொண்டே இருக்கும். தூக்கமும் கெட்டு, காலையில் கண்ணடி உப்பியிருப்பது அதனால்தான்.

திருப்பூரிலிருந்து ஒரு அயர்ன் மாஸ்டர் என்னிடம் வந்தார். பகலெல்லாம் நீராவி, ராத்திரி குவார்ட்டர், கூடவே உன் மாதிரி மெடிக்கல் கிரீம். டியூபைப் பார்த்தால் ஸ்டீராய்டு. அது முதலில் அமுக்கிக் காட்டும். பிறகு தோலை மெலியவைத்து, தானே ரோசேசியா மாதிரி ஒன்றை உண்டாக்கிவிடும். கிரீமைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி, மெட்ரோனிடசோல் ஜெல்லும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் சன்ஸ்கிரீனும் கொடுத்தேன். குடியையும் நிறுத்தினார். முதல் வாரத்திலேயே ராத்திரி காயும் சூடு போய்விட்டது, நல்லாத் தூங்கினார். மூன்றாவது வாரம் முகமெல்லாம் கட்டியோடு கோபமாக வந்து நின்றார். "குடியை விட்டதாலதானுங்க இப்படி ஆச்சு" என்றார். ஸ்டீராய்டை நிறுத்தினால் தோல் இப்படித்தான் திமிறும், சில வாரம் பொறுக்கத்தான் வேண்டும். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் பழைய டியூபுக்கும் பழைய பாட்டிலுக்கும் ஒட்டுக்காகத் திரும்பிவிடுகிறார்கள். அவர் தாக்குப்பிடித்தார். எட்டாவது வாரம் கட்டிகள் பெரும்பாலும் அடங்கின. மூக்கோரக் கோடுகள் மட்டும் போகவில்லை. அவை குடியை விட்டாலும் போகாது, லேசர்தான் வைக்க வேண்டும். அப்புறம் மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களோடு குடித்திருக்கிறார். அரை மணி நேரத்தில் கன்னம் எரிந்தது, மூன்றாம் நாள் புதுக் கட்டி. நோய் உள்ளேயேதான் இருக்கிறது என்று அப்போதுதான் நம்பினார்.

அவருக்கு மது காரணம் என்பது இப்படித் தெளிவானது. உனக்கு இன்னொரு சந்தேகம் தீர வேண்டும். நீ வெறும் பிராந்தி குடிப்பதில்லையே, பக்கத்தில் பள்ளிபாளையம் சிக்கன் இருக்கும். வரமிளகாய்க் காரமும் முகக் குழாயை விரிக்கும். ஆகவே ஒருநாள் சிக்கனை மட்டும் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துவை. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் டீயையும் சித்த ஆறவைத்துக் குடி. ஒவ்வொன்றாக மாற்றினால்தான் எது குற்றவாளி என்று பிடிபடும்.

குறைத்தால் போதுமா என்று கேட்பாய். தினமும் குடித்ததை வாரம் ஒருநாளாக்கினால் சூடேறும் ராத்திரிகள் குறையும், அது லாபம்தான். ஆனால் ஆறு நாள் மிச்சம் பிடித்துச் சனிக்கிழமை ஒரே மூச்சில் ஏற்றினால் மூஞ்சிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. சிலருக்கு ஒரு பெக்கே போதும், எரிய ஆரம்பித்துவிடும். இன்னொன்று, இதை விளையாட்டாக எடுக்காதே: காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு வாய் போட்டால்தான் நிற்கிறது என்றால் நீயாகத் திடீரென்று நிறுத்தாதே. இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம். அப்போது மருத்துவர் கண்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

உன் பையனின் பருவுக்கும் பீர்தான் காரணம் என்று அவனைத் திட்டாதே. பருவுக்கு மதுவே நேரடிக் காரணம் என்று சொல்லுமளவுக்கு ஆதாரம் இல்லை. கூல்டிரிங்ஸ் கலந்து குடித்தால் அதில் உள்ள சர்க்கரை இன்சுலினை ஏற்றி எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும், அவ்வளவுதான் சொல்லலாம். முதுமை விசயம் கொஞ்சம் உறுதியானது. 2019இல் பல நாட்டுப் பெண்களைப் பார்த்த ஓர் ஆய்வில், வாரம் எட்டு கிளாசும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கு நெற்றிக்கோடும் கண்ணடி உப்பலும் கன்ன வற்றலும் அதிகமாக இருந்தன. குடியை விட்டால் உப்பல் வற்றும். விழுந்த சுருக்கம் அப்படியேதான் இருக்கும். தோட்டத்தில் தொப்பியில்லாமல் நீ வாங்கிய வெயிலுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

அடுத்த வாரம் ஈரோடு பக்கம் வரும்போது கிளினிக்குக்கு வா. பூசின டியூப் எல்லாவற்றையும் எடுத்து வா. பேர் தெரியாமல் "அந்த நீலக் கலர்" என்று சொன்னால் எனக்கு விளங்காது. தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல்.

உன் மச்சான்