என் நாடித் துடிப்பை யார் யார் பார்க்கிறீர்கள்?

எங்கள் அலுவலகத்தின் மனிதவளத் துறைக்கும், எங்களுக்குக் குழுக் காப்பீடு தரும் நிறுவனத்துக்கும், இரண்டு பேருக்கும் நடுவில் அந்த நலவாழ்வுச் செயலியை நடத்துபவர்களுக்கும் வணக்கம். நாங்கள் கட்டியிருக்கும் வாட்ச் எண்ணும் இதயத் துடிப்பை அந்தச் செயலி வாங்கி, தினமும் உடற்பயிற்சி செய்தால் பாயின்ட் போடுகிறது, பிரீமியத்தில் தள்ளுபடியும் உண்டு என்பதுதான் உங்கள் திட்டம்.

போன மாதம் என் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன சார், வாக்கிங்கை விட்டுட்டீங்களா? உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார், அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் நான் ஒரு நாள்கூட நடையை விடவில்லை. எந்த நேரத்தில் கிளம்புவேனோ அதே நேரத்தில் கிளம்பி, அதே பாதையில், அதே நாற்பது நிமிடம் நடந்துகொண்டுதான் இருந்தேன். அவர் திரையில் மட்டும் என் பெயருக்கு எதிரே மூன்று வாரமாகப் பூஜ்யம் தெரிந்திருக்கிறது.

என்ன நடந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மாதத்தில் ஏழெட்டு நாள் படுக்க வைத்துவிடும். அது வராமல் தடுக்க டாக்டர் பீட்டா பிளாக்கர் என்ற வகை மாத்திரையைத் தொடங்கினார். இந்த மாத்திரை இதயத்தின் வேகத்தைக் குறைக்கும், அதோடு உழைக்கும்போது துடிப்பு மேலே ஏறுவதையும் பிடித்து நிறுத்தும். அதுவரை ஓய்வில் 74 ஆக இருந்த என் துடிப்பு சில நாட்களில் 60க்கு வந்தது. வேகமாக நடக்கும்போது 125 வரை போனது, இப்போது 100ஐத் தாண்டுவதே இல்லை.

உங்கள் திட்டத்தின் விதி என்ன? ஒருவரின் அதிகபட்சத் துடிப்பு என்பது 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவது, அதில் 70 விழுக்காட்டுக்கு மேல் 30 நிமிடம் இருந்தால் அன்றைக்குப் பாயின்ட் உண்டு. எனக்கு வயது 48. 220இல் 48 போனால் 172, அதில் 70 விழுக்காடு சுமார் 120. மாத்திரைக்கு முன்னால் 125இல் நடந்து தினமும் பாயின்ட் வாங்கினேன். மாத்திரைக்குப் பின்னால் அதே நடை, அதே மூச்சு வாங்கல், அதே வியர்வை, ஆனால் துடிப்பு 100. பாயின்ட் கிடையாது. அந்த 220 கணக்கே ஒரு சராசரிதான். ஒரே வயதுள்ள நல்ல ஆரோக்கியமான இரண்டு பேருக்குள் பத்துப் பதினைந்து துடிப்பு வித்தியாசம் இருப்பது சர்வசாதாரணம். இதய வேகத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தச் சூத்திரம் பொருந்தவே பொருந்தாது.

இதற்குள் இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. அந்த மூன்று வாரம் கழித்து இரண்டே இரண்டு நாள் எனக்குப் பாயின்ட் வந்தது. வாட்ச் 122, 124 என்று காட்டியது. சந்தேகம் வந்து, நடந்துகொண்டிருக்கும்போதே நின்று, மணிக்கட்டில் விரலை வைத்து 15 விநாடி எண்ணினேன். 24 துடிப்பு. நான்கால் பெருக்கினால் 96. அப்புறம்தான் கவனித்தேன், பட்டை தளர்ந்திருந்தது, என் நடை வேகமும் நிமிடத்துக்கு 122 அடி போலத்தான் இருந்தது. வாட்ச் பச்சை ஒளியைத் தோலுக்குள் அடித்து, ரத்தம் பாயும்போது திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதை வைத்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. பட்டை தளர்ந்தால் கை வீசும் அசைவும் அதே மாதிரி ஒளியைக் கூட்டிக் குறைக்கும், வாட்ச் காலடியை இதயத்துடிப்பு என்று எண்ணிவிடும். ஆக, உண்மையான என் துடிப்புக்குப் பூஜ்யம் போட்ட உங்கள் கணினி, தளர்ந்த பட்டைக்குப் பாயின்ட் கொடுத்தது.

சரி, பாயின்ட் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் செயலியில் இருக்கும் என் ஓய்வுத் துடிப்பின் வரைபடத்தை நான் ஒரு நாள் உட்கார்ந்து, வேறு ஒருவருடையதைப் பார்ப்பது போலப் பார்த்தேன். மூன்று மாதம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போகும் கோடு, ஒரு குறிப்பிட்ட வாரத்தில் பதினான்கு துடிப்பு கீழே இறங்கி, அங்கேயே நிற்கிறது. உடற்பயிற்சியால் துடிப்பு குறையும், ஆனால் அது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், இப்படிப் படிக்கட்டு போல விழாது. ஓரளவு விவரம் தெரிந்த யாரும் இவர் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார். எதற்கான மாத்திரை என்றுதான் அந்தக் கோட்டில் இருக்காது. ரத்த அழுத்தத்துக்கும் இதைத் தருகிறார்கள், இதயத் துடிப்புக் கோளாறுக்கும், கை நடுக்கத்துக்கும், ஒற்றைத் தலைவலிக்கும் தருகிறார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் இதில் எதை முதலில் நினைப்பார்? இதயத்தைத்தான் நினைப்பார். என் தலைவலி அவர் கணக்கில் இதய நோயாகிவிடும், அது எனக்குத் தெரியவும் தெரியாது, மறுத்துச் சொல்ல வாய்ப்பும் இருக்காது.

என் விஷயமாவது பரவாயில்லை. காய்ச்சல் வந்தால் ஓய்வுத் துடிப்பு ஏறும். இரவு குடித்தால் தூக்கத்தில் துடிப்பு இறங்காமல் நிற்கும், அது மறுநாள் வரைபடத்தில் தெரியும். கர்ப்பமானால் வாரம் வாரமாக ஏறிக்கொண்டே போகும், கடைசியில் பத்து இருபது துடிப்பு வரை கூடும். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லாத ஒரு செய்தியை ஒரு பெண்ணின் மணிக்கட்டு அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது என்ன நியாயம்? நாடித் துடிப்பு என்றால் ஒரு எண் என்று நினைத்துத்தான் எல்லோரும் சம்மதம் கொடுக்கிறோம், நானும் அப்படித்தான் கொடுத்தேன். நிமிடத்துக்கு நிமிடம், இரவும் பகலும் சேர்ந்தால் அது நாட்குறிப்பு.

"தனி ஆள் தகவல் அலுவலகத்துக்குப் போகாது, குழுவின் சராசரி மட்டும்தான்" என்று மனிதவளத் துறை எனக்குச் சொன்னது. (பாயின்ட் பட்டியல் பெயரோடு போனது அப்புறம் எப்படி என்பதற்குப் பதில் இல்லை.) எங்கள் பிரிவில் ஆறு பேர். ஆறு பேரின் சராசரி ஓய்வுத் துடிப்பு 70 என்று வையுங்கள், மொத்தம் 420. அடுத்த மாதம் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார், மீதி ஐந்து பேரின் சராசரி 68 என்று வருகிறது, மொத்தம் 340. மற்றவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லையென்றால், போனவரின் துடிப்பு 80. இதற்குக் கணினி கூட வேண்டாம். சின்னக் குழுவுக்குச் சராசரி என்பது மறைப்பே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் கூட்டுக் குழு 2017இலேயே இதைப் பற்றிக் கருத்துச் சொல்லியிருக்கிறது. ஊழியருக்கு ஃபிட்னஸ் கருவி கொடுத்து அதில் வரும் உடல்நலத் தகவலை முதலாளி எடுக்கக் கூடாது, முதலாளிக்குக் கீழே வேலை செய்பவரின் சம்மதத்தை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்வது கடினம் என்றது. அமெரிக்காவில் 1996இல் வந்த ஹிப்பா சட்டம் மருத்துவமனையையும் மருத்துவக் காப்பீட்டாளரையும் கட்டுப்படுத்தும், ஆனால் நாமாக இறக்கிக்கொள்ளும் ஃபிட்னஸ் செயலி பொதுவாக அதற்குள் வராது. அதாவது டாக்டர் எண்ணினால் மருத்துவ ரகசியம், வாட்ச் எண்ணினால் ரகசியம் இல்லை.

ஒரு தேவைக்கு எடுத்த துடிப்பு இன்னொரு தேவைக்குப் போகாது என்று யாரும் எனக்கு உறுதி சொல்ல முடியாது. 2016இல் ஓஹையோவில் வீடு எரிந்த ஒருவரின் பேஸ்மேக்கரில் பதிவான துடிப்பைக் காவல்துறை நீதிமன்ற உத்தரவு வாங்கி எடுத்து, தீ வைப்பு, காப்பீட்டு மோசடி என்று அவர் மேல் வழக்குப் போட்டது. அவர் குற்றவாளியா இல்லையா என்பதல்ல என் பேச்சு, விசாரணை முடியும் முன்பே அவர் இறந்தும் விட்டார். உயிரைக் காக்க வைத்த கருவி, சாட்சிக் கருவியானது. அங்கே நீதிபதி உத்தரவாவது வேண்டியிருந்தது. உங்கள் திட்டத்தில் நான் அழுத்திய ஒரு பட்டனே போதும்.

அந்தப் பட்டனை இன்னும் அழுத்தாத சக ஊழியர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் கொஞ்சம் சொல்கிறேன். போனில் அனுமதி கேட்கும் இடத்தில் "எல்லாவற்றையும் அனுமதி" என்று மேலேயே ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தொடாதீர்கள். கீழே காலடி, தூக்கம், இதயத் துடிப்பு என்று தனித்தனியாக வரும். காலடியை மட்டும் கொடுத்துப் பாருங்கள், பல நேரம் பாயின்ட்டுக்கு அதுவே போதும். பழைய பதிவையும் கேட்கிறதா என்று பாருங்கள், ஆண்ட்ராய்டு போனில் உடல்நலப் பதிவுகளைச் செயலிகளுக்குள் பகிரும் ஹெல்த் கனெக்டில் 30 நாளுக்கு முந்தைய பதிவுக்குத் தனி அனுமதி உண்டு. பின்னால் அனுமதியை அணைத்தால் புதிதாகப் போவதுதான் நிற்கும், ஏற்கெனவே அவர்கள் சர்வருக்குப் போனது தானாக அழியாது, அதை அழிக்கச் சொல்லித் தனியாக எழுத வேண்டும். பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை ஒரு வருடக் கணக்காகப் பார்க்காதீர்கள். பாலிசி புதுப்பிக்கும்போதும், நாளைக்கு ஒரு கிளெய்ம் போடும்போதும், வேலை மாறிய பிறகும் அந்தப் பதிவு யார் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், இது மனிதவளத் துறைக்கு. பாயின்ட் வராமல் போன இரண்டாவது வாரத்தில், ஒரு நாள் காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு மட்டும் விட்டுவிட்டு நடந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். அன்று டாக்டருக்குப் போன் செய்தது நல்லதாயிற்று. இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் ரத்த அழுத்தமும் முன்பைவிட அதிகமாக எகிறலாம், இதயத்தில் கோளாறு உள்ளவருக்கு அது ஆபத்தாகவே முடியலாம் என்றார். என்னைப் போலப் போன் செய்யாத ஒருவர் உங்கள் திட்டத்தில் இருக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பாயின்ட்டைத் துடிப்பை வைத்துக் கொடுக்காதீர்கள், நடந்த நிமிடத்தை வைத்துக் கொடுங்கள். "முடித்தார், முடிக்கவில்லை" என்ற ஒரே ஒரு சொல்லை மட்டும் போனே கணக்குப் போட்டு அனுப்பட்டும், வரைபடம் போனை விட்டு வெளியே வர வேண்டாம். பெயரோடு வரும் பட்டியலை மேலாளர்கள் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வந்த என் பதிவு எந்தெந்த நிறுவனத்தில் இருக்கிறது, பிரீமியம் போடவோ கிளெய்மைப் பரிசீலிக்கவோ அது பயன்பட்டதா, எப்போது அழிப்பீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

இதயத் துடிப்புக்கான அனுமதியை நேற்று அணைத்துவிட்டேன், காலடிக்கான அனுமதி அப்படியே இருக்கிறது. இன்று காலை 4,700 அடி. அதை நீங்கள் தாராளமாகப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் திட்டத்தில் உள்ள ஓர் ஊழியர்