எங்கள் வங்கி நிர்வாகத்துக்கு: டெபாசிட் படிவத்தில் அந்த ஒரு வரியைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய தலைமை அலுவலகத்தாருக்கு,

என் பெற்றோரின் டெபாசிட் விவகாரம் உங்கள் மேசைக்கு வந்துபோனதுதான், அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. இருவர் பேரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம், ஒருவர் போனால் மற்றவர் பெறலாம் என்கிற எய்தர் ஆர் சர்வைவர் முறையில் போட்ட எட்டு லட்ச ரூபாய் பிக்சட் டெபாசிட். அப்பா நினைவில்லாமல் ஐசியூவில் கிடந்தபோது அம்மா அதை உடைக்க வந்தார். சேமிப்புக் கணக்கில் அவர் கையெழுத்து மட்டும் போதுமாக இருந்தது, அதில் இருந்த கொஞ்சத்தை எடுத்துக் கொடுத்தீர்கள். டெபாசிட்டுக்கு மட்டும் "முதிர்வுக்கு முன்னால் எடுக்க இருவரும் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரிடம் சாட்சிகள் முன்னால் கைரேகை வாங்கலாம், சரி. நினைவே இல்லாதவரிடம் எதை வாங்குவது?

அப்பா போன பிறகாவது சர்வைவர் என்ற முறையில் கிடைக்கும் என்று நினைத்தோம். அப்போதும் முதிர்வுத் தேதி வரை காத்திருங்கள், இல்லையென்றால் வாரிசுகள் எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு தாசில்தார் அலுவலகம், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனின் கையெழுத்துக்கு அங்குள்ள தூதரகம் என்று அலைந்தோம். மருத்துவமனை பில் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

விதி அப்படித்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதே விதிக்கு ஒரு வழியும் இருக்கிறது. ஒருவர் இறந்தால் மற்றவர் முதிர்வுக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்று டெபாசிட் போடும்போதோ பிறகு எப்போதோ இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருந்தால், வாரிசுகளின் சம்மதம் தேவையில்லை. இந்த வாசகத்தைப் படிவத்திலேயே சேருங்கள், ஏற்கனவே டெபாசிட் வைத்திருப்பவர்களுக்கும் தெரிவியுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. காப்பீட்டுத் திட்டம் வேண்டுமா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் மறக்காமல் கேட்டார்கள்!

இதனால் அண்ணனின் பங்கு போய்விடும் என்ற பேச்சும் வேண்டாம். அம்மா கையில் பணத்தைக் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது, அவ்வளவுதான். அப்பாவின் பங்கில் வாரிசுகளுக்கு உள்ள உரிமை அப்படியேதான் இருக்கும்.

எல்லோரும் கையெழுத்திட வேண்டிய ஜாயின்ட்லி கணக்குகளின் நிலைமை இன்னும் மோசம். ஒருவர் போனால் மீதியிருப்பவரும் போனவரின் வாரிசுகளும் சேர்ந்து வந்தால்தான் பணம். "நாமினி இருக்காரே, கவலைப்படாதீங்க" என்று கவுன்ட்டரில் சொல்கிறார்கள். கணக்குதாரர் அத்தனை பேரும் போன பிறகுதான் நாமினியின் முறையே வரும் என்று யார் சொல்வது? ஒருவர் நினைவிழந்துவிட்டால் எய்தர் ஆர் சர்வைவராக மாற்றவும் வழியில்லை, அதற்கும் எல்லோர் கையெழுத்தும் வேண்டும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது ஒன்றுதான். கூட்டு டெபாசிட் போட வருகிறவர்களிடம் அந்த முன்கூட்டிய ஒப்புதல் வேண்டுமா, வேண்டாமா என்று வாய்விட்டுக் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஏற்கனவே போட்டவர்களுக்கு, இருவரும் நல்லபடியாக இருக்கும்போதே, ஒரு கடிதம் அனுப்புங்கள். எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரின் மகள்