அந்த முதல் மாதச் செலவு

அண்ணன்மாரே, அக்காமாரே, கூடப் படித்தவர்களே, வணக்கம்.

போன ஆகஸ்டில் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கப் போனேன். பாவாடைத் துணியை விரித்துக் காட்டிய பெண் நம் பள்ளிச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். பாக்கெட்டில் இருந்த பள்ளி முத்திரையை மட்டும் பிரித்தெடுத்திருந்தாள். பிளஸ் டூ முடித்து, திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்த பிள்ளை. விடுதி முன்பணம், முதல் மாத மெஸ் எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய், மூன்று நாளில் கட்டச் சொன்னார்களாம். அம்மாவின் தோட்டை அடகு வைத்ததில் 7,000 கிடைத்தது. மீதி 4,000 புரளவில்லை.

அரசு உதவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். ஆனால் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான், அந்தக் கல்லூரி வழியாக அதற்கு விண்ணப்பிக்க முடியும். சேருவதற்கே தேவைப்படும் பணத்துக்கு அது உதவாது. நாம் கொடுக்க வேண்டியது அந்த முதல் மாதச் செலவைத்தான்.

ஆண்டுக்கு ஆறு பிள்ளைகள், ஆளுக்கு 15,000. மொத்தம் 90,000 ரூபாய். வருடா வருடம் வசூல் செய்து பார்த்தோம். முதல் வருடம் எல்லோரும் கொடுத்தோம், மூன்றாம் வருடம் போன் எடுக்கவே ஆளில்லை. அதனால் இந்த முறை 15 லட்சத்தை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியை மட்டும் எடுப்போம். ஆறு சதவீதம் என்று வைத்தால் கணக்கு சரியாக வருகிறது. வட்டி குறைந்தால் அந்த வருடம் ஐந்து பேருக்குக் கொடுப்போம், அசலில் கை வைக்க மாட்டோம்.

யாருக்குக் கொடுப்பது என்பதை வகுப்பாசிரியரும் தலைமை ஆசிரியரும் சொல்வார்கள். மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டிருக்கிறோம். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு உதவ ஊரில் நாலு பேர் வருவார்கள். பணம் நேராக விடுதிக்கோ கல்லூரிக்கோ போகும். மேடையில் ஏற்றி, கவரைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பது கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு கூச்சம் என்று நம்மில் பலருக்கே தெரியும்.

நாலு லட்சம் சேர்ந்துவிட்டது. இன்னும் 11 லட்சம் வேண்டும். சங்கத்தில் 220 பேர் இருக்கிறோம். பாதிப் பேர் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டால் முடிந்தது. ஒரே தடவையில் முடியாதவர்கள் மாதம் ஆயிரமாகப் பத்து மாதம் கொடுங்கள். வரிவிலக்குக்கான பதிவு இன்னும் வாங்கவில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வைப்பில் போட்டு ஓராண்டு ஆனால்தான் முழு வட்டி கைக்கு வரும். அதுவரை காத்திருக்க முடியாத ஆறு பிள்ளைகள் வரும் ஜூனிலேயே வெளியே வருகிறார்கள். அவர்களுக்காக நிர்வாகக் குழுவில் உள்ள ஒன்பது பேரும் ஆளுக்குப் பத்தாயிரம் தனியாகப் போட்டுவிட்டோம். அதற்கடுத்த ஜூனில் வரும் ஆறு பேருக்கு உங்களிடம் கேட்கிறேன். பொருளாளர் ரசீது புத்தகத்தோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடப் போகும் முன் அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.