சாவி வாங்கும் நாளில் மீட்டரைப் பார்

அன்புள்ள சேகர்,

கோவென்ட்ரியில் வாடகைக்கு வீடு அமைந்துவிட்டது என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கும் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

நம்ம ஊரில் ஈ.பி. இணைப்பு பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கும். இங்கே இங்கிலாந்தில் வழக்கமாக அப்படியில்லை. பில் உன் பொறுப்பு என்று வாடகை ஒப்பந்தம் சொன்னால், அது தொடங்கும் நாளிலிருந்தே, அந்த வீட்டுக்கு ஏற்கெனவே மின்சாரமும் கேஸும் கொடுக்கும் கம்பெனிக்கு நீதான் வாடிக்கையாளர். எங்கும் கையெழுத்துப் போடாவிட்டாலும் அதுதான் சட்டம். அந்தக் கட்டணம் மலிவாக இருக்காது. ஆனால் அபராதம் இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வேறு கம்பெனிக்கு மாறலாம்.

அதனால் சாவி கைக்கு வந்ததும் இரண்டு மீட்டரையும் போட்டோ எடு. எண்ணோடு மீட்டரின் சீரியல் நம்பரும் தெரிய வேண்டும். சிவப்பில் இருக்கும் இலக்கங்களை விட்டுவிடு. ஸ்மார்ட் மீட்டராக இருந்தாலும் எடு. அன்றைக்கே கம்பெனியைக் கூப்பிட்டு, குடிவந்த தேதியையும் ரீடிங்கையும் சொல்லிவிடு.

சொல்லாவிட்டால் அவர்களே ஒரு ரீடிங்கை உத்தேசமாகப் போட்டுக்கொள்வார்கள். மின்சார மீட்டரில் 41,862 இருக்கும்போது அவர்கள் 41,500 என்று போட்டதாக வைத்துக்கொள். முன்பு இருந்தவர் எரித்த 362 யூனிட் உன் தலையில் விழும். யூனிட் 25 பென்ஸ் என்றால் 90 பவுண்டுக்கு மேல். தேதி தெரியும் போட்டோ இருந்தால் அதைக் காட்டித் திருத்தச் சொல்லலாம்.

கார்டோ சாவியோ போட்டு முன்பணம் கட்டும் மீட்டராக இருந்தால் இன்னும் கவனம். பழைய ஆளின் கடன் அந்த மீட்டரிலேயே ஏறியிருக்கலாம். கம்பெனியிடம் பேசி உன் பெயருக்கு மாற்றும் முன் பழைய கார்டில் பணம் ஏற்றாதே, நீ போடும் காசிலிருந்து அந்தக் கடன் கழியும்.

காலி பண்ணும்போதும் இதே வேலைதான். இரண்டு மூன்று நாள் முன்பே தகவல் சொல்லி, கடைசி நாள் ரீடிங்கைப் போட்டோவோடு அனுப்பி, புது முகவரியையும் கொடு. நீ முன்னாலேயே கிளம்பிவிட்டாலும் ஒப்பந்தம் முடியும் நாள் வரை தினசரி நிலைக்கட்டணம் உன்னுடையதுதான். கடைசி பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும். அது வரும்வரை டைரக்ட் டெபிட்டை நிறுத்தாதே. கூடுதலாகக் கட்டியிருந்தால் திருப்பிக் கொடுப்பார்கள்.

இன்டர்நெட் மட்டும் வேறு மாதிரி. அது வீட்டோடு வராது, நீயே புதிதாக எடுக்க வேண்டும். ஒப்பந்தம் 18 அல்லது 24 மாதம் என்பார்கள். நீ அந்த வீட்டில் ஒரு வருடம்தானே இருக்கப்போகிறாய்? மாதாமாதம் கட்டும் திட்டம் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடு. நடுவில் முறித்தால் மீதி மாதங்களுக்கும் கேட்பார்கள். விடும்போது ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் கொடு, ரவுட்டரைத் திருப்பி அனுப்பிய தபால் ரசீதைப் பத்திரமாக வை.

மீட்டர் எங்கே இருக்கிறது என்று ஏஜென்ட்டிடம் இப்போதே கேட்டு வை. சில வீடுகளில் அது வெளியே பூட்டிய பெட்டிக்குள் இருக்கும், அதற்கும் ஒரு சாவி வேண்டும். ரீடிங் புரியாவிட்டால் போட்டோவை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ரவி