பாப்பாவின் ஹால் டிக்கெட்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள நண்பா,

பாப்பாவின் ஹால் டிக்கெட்டில் தேர்வு மையம் மாறி வந்திருக்கிறது என்று பல்கலைக்கழகப் பதிவாளருக்கு நீ எழுதிய கடிதத்தின் நகலை நேற்று இரவு படித்தேன். ஒன்றரைப் பக்கம் கோபம், மூன்று வரி விஷயம். தேர்வுப் பிரிவில் இப்படிப்பட்ட கடிதங்களைப் பிரித்துப் பிரித்தே என் பாதி உத்தியோகம் கழிந்தது. அந்த மூன்று வரியைத் தேடுவதற்குள் தேநீர் ஆறிவிடும்.

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செல்போனில் பேட்டரி ஒன்பது சதவீதம் இருந்தது தெரிகிறது. பாப்பாவின் பதிவு எண் தெரியவில்லை. மேல் பாதியை வெட்டிவிட்டாய். அதைக் காட்டினால் "இது யாருடையது?" என்றுதான் கேட்பார்கள். போர்ட்டலிலிருந்து ஹால் டிக்கெட்டை முழுதாகத் தரவிறக்கி அச்செடு. விண்ணப்பித்த அன்று வந்த ஒப்புகைச் சீட்டையும் பக்கத்தில் வை. பெயரை விடு, மைய எண்ணைப் பார்.

நீ தொலைபேசியில் படித்துக் காட்டியபடி, ஒப்புகையில் 214, பாளையங்கோட்டை. ஹால் டிக்கெட்டில் 241, நாகர்கோவில். இலக்கம் இடம் மாறியதுபோல் தெரிகிறது. ஆனால் அவசரப்படாதே. பாளையங்கோட்டையையே கேட்ட தோழி ஒருத்தியின் ஹால் டிக்கெட்டைப் பார்க்கச் சொல். அவளுக்கு 214 என்று சரியாக இருந்தால், பிழை பாப்பாவின் பதிவில் மட்டும்தான், திருத்திவிடலாம். அவளுக்கும் நாகர்கோவில் என்றால், ஆள் குறைவென்று மையத்தையே இணைத்திருப்பார்கள். அதற்கு மனுப் போட்டுப் பெரிதாகப் பயனில்லை, பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்.

இன்னொன்று. தேர்வு மையம் பதிவாளர் கையில் இல்லை, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையில் இருக்கிறது. பதிவாளருக்கு மட்டும் எழுதினால் கடிதம் தபால் பிரிவில் நாலு நாள் தூங்கிவிட்டுத்தான் அங்கே போகும். அதனால் அவருக்கே எழுதி, நகலைப் பதிவாளருக்கு அனுப்பு. இவ்வளவு போதும்:

"பதிவு எண் இன்னது. விண்ணப்பத்தில் நான் தேர்ந்தெடுத்த மையம் 214. ஹால் டிக்கெட்டில் 241 என்று உள்ளது. இரண்டின் நகலும் இணைத்துள்ளேன். முதல் தேர்வு இந்தத் தேதியில். மையத்தைத் திருத்திப் புதிய ஹால் டிக்கெட் வழங்க வேண்டுகிறேன்."

கையெழுத்து பாப்பாவுடையதாக இருக்கட்டும். நீ நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உன் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்.

யாராவது பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தால் வாங்காதே. மையத்துக்குப் போகும் பெயர்ப்பட்டியலும் மாற வேண்டும். வினாத்தாள் கட்டுகள் அந்த எண்ணிக்கைக்குத்தான் போகின்றன. முந்தைய நாள் வரை புதிய ஹால் டிக்கெட் வராவிட்டால், வீம்பு பிடிக்காமல் நாகர்கோவிலுக்கே அழைத்துப் போ. அவள் பெயர் இருக்கும் பட்டியல் அங்கேதான் இருக்கும். ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். முதல் நாள் மாலையே போய்த் தங்கிவிடுங்கள்.

இங்கே என் பேரன் மெட்ரிக் தேர்வைத் தன் பள்ளியிலேயே எழுதப்போகிறான். ஹால் டிக்கெட் கதையைச் சொன்னேன், "தேர்வு எழுத ஊருக்கு ஊர் போவார்களா, தாத்தா?" என்கிறான்.

தோழியின் ஹால் டிக்கெட்டில் என்ன எண் என்று தெரிந்தவுடன் அழை. உனக்கு இரவு ஒன்பதரை என்றால் எனக்கு ஆறு மணிதான்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்