அத்தைக்குத் தீபாவளி வாழ்த்து: 15-ஆம் தேதிக்குள் போட்டுவிடு

அன்புள்ள கவிதா,

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் எனக்குக் கண் அறுவை சிகிச்சை வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு கொஞ்ச நாள் எழுதக் கூடாது, குனியக் கூடாது. அதனால் இந்த வருஷம் சிங்கப்பூரிலிருந்து அத்தைக்குத் தீபாவளி வாழ்த்து அட்டை அனுப்பும் வேலை உன்னுடையது. கும்பகோணம் பக்கத்தில் இருக்கிற அத்தைக்கு வாட்ஸ்அப் படம் போதாது. எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும், விளக்குப் பக்கத்தில் நிற்கும் அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பாள். அதற்காகத்தான் தேதியை இவ்வளவு கணக்குப் பார்க்கிறேன்.

இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அங்கே ஞாயிறன்று தபால் பட்டுவாடா கிடையாது. ஆகவே நமக்குக் கடைசி நாள் 7-ஆம் தேதி சனிக்கிழமை. சனிக்கிழமை அங்கே வேலை நாள்தான். கணக்கை 8-லிருந்து ஆரம்பித்தால் முதல் நாளிலேயே தப்பு.

அப்புறம், நாள்காட்டி நாட்களை எண்ணாதே, அங்கே தபால் நடமாடும் நாட்களை மட்டும் எண்ணு. நான் ரொம்ப நாள் இதைக் கவனிக்காமல் விட்டேன். விஜயதசமி வளர்பிறைப் பத்தாம் நாள், தீபாவளி தேய்பிறைப் பதினான்காம் நாள். நடுவில் ஏறக்குறைய 19 நாள்தான். அதாவது நீ அட்டையைப் போடப் பார்க்கிற அதே வாரத்தில்தான் எல்லா வருஷமும் ஆயுத பூஜையும் விஜயதசமியும் வரும். போன வருஷம் விஜயதசமி அக்டோபர் 2, தீபாவளி 20. இந்த வருஷம் விஜயதசமி அக்டோபர் 20. அதோடு அந்தச் சமயம் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடும். காவிரிக் கரை ஊர்களில் பெருமழை பெய்தால் பையோடு போகிற தபால்காரரும் நின்றுதான் போக வேண்டும்.

என் பழுப்பு நோட்டில் மூன்று வருஷக் குறிப்பு இருக்கிறது. நான் பெட்டியில் போட்ட தேதி, அத்தை கையில் கிடைத்த தேதி, இரண்டும். கிடைத்த அன்றே போன் பண்ணச் சொல்லி வைத்திருக்கிறேன். வேலை நாளாக எண்ணினால் 11, 13, 16. இதில் சராசரியை எடுக்காதே. சராசரிப்படி போட்டால், பல வருஷம் அட்டை பண்டிகைக்குப் பிறகுதான் போய்ச் சேரும். மெதுவாகப் போன வருஷத்தைத்தான் எடுக்க வேண்டும், அதாவது 16. அதற்கு மேல் மழைக்காக இரண்டு நாள். மொத்தம் 18.

இப்போது பின்னாலிருந்து எண்ணிப் பார். நவம்பர் 7-ஐ ஒன்று என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி வந்தால், நவம்பர் 2 ஆறாவது. 1 ஞாயிறு, விடு. அக்டோபர் 31 ஏழு, 26 பன்னிரண்டு. 25 ஞாயிறு. 24 பதின்மூன்று, 21 பதினாறு. 20 விஜயதசமி, 19 ஆயுத பூஜை, 18 ஞாயிறு, மூன்றையும் தாண்டு. ஆயுத பூஜையன்று சில இடங்களில் வேலை நடக்கலாம், ஆனாலும் நமக்குப் பாதுகாப்பு அதை விடுமுறையாக வைப்பதில்தான். 17 பதினேழு, 16 பதினெட்டு. அப்படியானால் அட்டை அதற்கு முந்தின நாளே பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். அக்டோபர் 15, வியாழக்கிழமை. தீபாவளிக்கு 24 நாள் முன்னால்.

அந்த 18-க்குள் கடைசிக் கட்டத்துக்கும் இடம் இருக்கிறது. அத்தையின் ஊரில் இருப்பது கிளை அஞ்சலகம். கட்டு முதலில் கும்பகோணம் வந்து, அங்கிருந்து துணை அஞ்சலகம் போய், அங்கே பிரித்த பிறகுதான் கிளைக்கு வரும். 612 என்று தொடங்குகிற பின்கோடு உறையை அந்தப் பக்கம் கொண்டுபோகும். அதற்குப் பிறகுள்ள மூன்று எண்ணும் ஒரு துணை அஞ்சலகத்தைத்தான் காட்டும், அதே எண்ணைச் சுற்றியிருக்கிற ஊர்களும் பகிர்ந்துகொள்ளும். எனவே ஊர்ப் பெயர், 'அஞ்சல்', 'வழி' என்ற மூன்றையும் விடாமல் எழுது. முழு முகவரியையும் ஆங்கிலத்திலும், ஊரையும் அத்தை பெயரையும் அதன் கீழே தமிழிலும் எழுதுவது என் பழக்கம். இங்கே பிரிப்பவருக்கு ஆங்கிலம் வேண்டும், அங்கே கொண்டுபோகிறவருக்குத் தமிழ் சுலபம். கடைசி வரியில் நாட்டின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தனியாக நிற்கட்டும்.

ஜெல் பேனா வேண்டாம். ஒரு வருஷம் உறை மழையில் நனைந்து, முகவரியின் நீல மை கரைந்து, ஊர்ப் பெயர் ஒரு வட்டக் கறையாகிவிட்டது. பின்கோடு மட்டும் தப்பியதால் அட்டை போய்ச் சேர்ந்தது. பால்பாயிண்ட் எடுத்துக்கொள்.

உறைக்குள் குங்குமப் பொட்டலம், வளையல், கோலத்தட்டு எதையும் வைக்காதே. தாளாக இருக்கிற வரைக்கும் அது கடிதம். பொருள் வைத்தால் சுங்கப் படிவம் ஒட்ட வேண்டும், பரிசோதனை வரிசையிலும் நிற்க வேண்டும், நம் கணக்கு கெட்டுவிடும். அட்டையின் எடையையும் கவனி. விமான அஞ்சலின் முதல் படி 20 கிராம். தேக்காவில் வாங்குகிற கனமான, கல் பதித்த அட்டை அதைத் தாண்டிவிடலாம். தபால்தலை குறைந்தால் அங்கே அத்தையிடம் வித்தியாசத்தைக் கேட்கலாம், இல்லாவிட்டால் திரும்பியும் வரலாம். சமையலறைத் தராசில் வைத்துப் பார், சந்தேகமாக இருந்தால் கவுண்டரில் நிறுத்து ஒட்டச் சொல்.

பெட்டியில் போடுவதிலும் ஒன்று இருக்கிறது. அதன் முகப்பில் எடுக்கும் நேரம் எழுதியிருக்கும். 15-ஆம் தேதி மாலை அந்த நேரம் தாண்டிப் போட்டால் நீ போட்டது 16-ஆம் தேதி என்று வைத்துக்கொள். இரண்டு வருஷத்துக்கு முன் நான் இதை அலட்சியம் பண்ணினேன். வெள்ளிக்கிழமை இரவு நடைபயிற்சிக்குப் போகும்போது பெட்டியில் போட்டேன், வாரக்கடைசி முழுவதும் அது உள்ளேயே கிடந்திருக்கிறது. அட்டை தீபாவளிக்கு மூன்று நாள் கழித்துத்தான் அத்தை வீட்டுக்குப் போனது. அவள் போனில் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதனால் நீ வேலைக்குப் போகிற வழியில் காலையிலேயே போட்டுவிடு.

டொரோண்டோவில் இருக்கிற சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுக்காதே. அங்கே சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடிதப் பட்டுவாடா இல்லை, எனவே கடைசி நாள் நவம்பர் 6 வெள்ளி. அக்டோபர் 12 அவர்களுக்கு நன்றி அறிதல் நாள், விடுமுறை. அவர் வீட்டுக் கடிதங்கள் தெருமுனைப் பெட்டியில்தான் விழும், வாரத்துக்கு ஒரு முறைதான் திறப்பாராம். அந்த ஒரு வாரத்தையும் சேர்த்துக்கொண்டு அவருக்குச் செப்டம்பர் கடைசியிலேயே போட்டுவிடு. அங்கே பழைய குறிப்பு நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் இந்த முறை தேதி கேட்டு எழுதி வை.

நோட்டு என் மேசையின் வலது இழுப்பறையில் இருக்கிறது. அதில் நான்காவது வரிசையைக் காலியாக விட்டிருக்கிறேன். போட்ட தேதியை நீ எழுது, அத்தை போன் பண்ணியதும் கிடைத்த தேதியை நான் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா